சமையலறைக் குழாயில் கார்ட்ரிட்ஜ் உப்புப் பிடித்து வெளியே வராவிட்டால்

ஒற்றை லீவர் வைத்த மிக்ஸர் குழாயைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். லீவரைத் தூக்கினால் தண்ணீர் வரும், ஒரு பக்கம் திருப்பினால் கீசர் தண்ணீர், மறுபக்கம் பச்சைத் தண்ணீர். பெங்களூரு அடுக்ககங்களில் சிங்குக்கு மேலே பெரும்பாலும் இதுதான் நிற்கிறது. லீவருக்கு அடியில், பித்தளை உடம்புக்குள் ஒரு குழி இருக்கும். அதில் உட்கார்ந்திருக்கும் பிளாஸ்டிக் உருளைதான் கார்ட்ரிட்ஜ். விட்டம் 35 மில்லிமீட்டர் அல்லது 40 மில்லிமீட்டர். அதற்குள் இரண்டு பீங்கான் வில்லைகள் ஒன்றின்மேல் ஒன்று உரசி, தண்ணீரைத் திறந்தும் அடைத்தும் விடுகின்றன.

குழாய் சொட்ட ஆரம்பித்தால் கார்ட்ரிட்ஜை மாற்ற வேண்டும். நல்ல தண்ணீர் ஓடும் வீட்டில் அது சின்ன வேலை. சர்ஜாபூர் ரோடு, வைட்ஃபீல்டு, மாரத்தஹள்ளி பக்கம் போர்வெல்லும் டேங்கரும் கலந்து ஓடும் வீடுகளில் அதே வேலை பாதி நாளை விழுங்கிவிடும். 2024 அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டம் தொடங்கியது. அந்தத் தண்ணீர் வந்துவிட்ட வீடுகளிலும் பழைய உப்பு குழாய்க்குள் அப்படியே இருக்கும். குழாயைக் கழற்றும்போதுதான் அது தெரியவரும்.

உப்பு எங்கே பிடிக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

கார்ட்ரிட்ஜுக்கும் பித்தளைச் சுவருக்கும் நடுவே மெல்லிய இடைவெளி இருக்கும். ரப்பர் ஓ-ரிங் தேய்ந்ததும் தண்ணீர் அந்த இடைவெளியில் ஏறி, மேலே வந்து காய்கிறது. தண்ணீர் போய்விடும், சுண்ணாம்பு தங்கிவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை அனுமதி. நடுவில் 400 என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு ஒரு மில்லிலிட்டர் கசிந்து காய்ந்தால் ஒரு நாளுக்கு ஏறக்குறைய 10 மில்லிகிராம் சுண்ணாம்பு, ஒரு வருடத்துக்கு மூன்றரை கிராம். அது ஒரு கன சென்டிமீட்டருக்கும் சற்று மேல். 40 மில்லிமீட்டர் கார்ட்ரிட்ஜைச் சுற்றி 0.3 மில்லிமீட்டர் இடைவெளி, 25 மில்லிமீட்டர் உயரம் என்றால், அந்த இடைவெளியின் மொத்தக் கொள்ளளவே ஒரு கன சென்டிமீட்டர்தான். கண்ணுக்கே தெரியாத கசிவு போதும், ஒரு வருடத்தில் அந்த இடம் கல்லாக அடைத்துவிடும்.

இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே சொல்லப்போகும் பெரும்பாலான விஷயங்கள் இதிலிருந்துதான் வருகின்றன.

கை வைப்பதற்கு முன்

சிங்குக்கு அடியில் இருக்கும் இரண்டு ஆங்கிள் காக்கையும் மூடுங்கள். கீசரை அணையுங்கள். பிறகு லீவரைத் தூக்கி, நடுவில் வைத்து, குழாயில் மிச்சமிருக்கும் தண்ணீரை வடிய விடுங்கள். தண்ணீர் நிற்கவே இல்லை என்றால் ஆங்கிள் காக்கிலும் உப்பு ஏறி அது சரியாக அடைபடவில்லை என்று அர்த்தம். அதைப் பலம் போட்டு முறுக்க வேண்டாம், கைப்பிடி உடைந்து கையோடு வந்துவிடும். சமையலறைக்கு வரும் வால்வை யூட்டிலிட்டியிலோ டக்டிலோ தேடி மூடுங்கள். சிங்கின் வடிகால் துளையைத் துணியால் அடைத்துவிடுங்கள், சின்னத் திருகு ஒன்று கண்டிப்பாகக் கீழே விழும்.

சமையல் மேடை என்ன கல் என்றும் பாருங்கள். கிரானைட் என்றால் கவலை இல்லை. கடப்பாக் கல்லோ மார்பிளோ என்றால் அதுவும் சுண்ணாம்புக் கல்தான். அமிலம் சொட்டிய இடம் மங்கிப்போகும், பிறகு தேய்த்தாலும் போகாது. பிளாஸ்டிக் ஷீட் விரித்துக்கொள்ளுங்கள். சிங்குக்குக் கீழே கடப்பா பலகை போட்ட வீடுகள் நிறைய இருக்கின்றன, அங்கேயும் ஒரு ஷீட் போடுங்கள்.

அறிகுறி: லீவரே கழன்று வரவில்லை

லீவரின் முன்னாலோ பின்னாலோ சிவப்பும் நீலமும் போட்ட ஒரு சின்ன பொத்தான் இருக்கும். அதை நகத்தால் நெம்பி எடுத்தால் உள்ளே ஆலன் கீ போடும் திருகு தெரியும். பெரும்பாலும் 2.5 அல்லது 3 மில்லிமீட்டர். திருகின் குழிக்குள்ளேயே உப்பு இருந்தால் ஆலன் கீ முழுதாக உள்ளே போகாது. பாதி இறங்கிய கீயைத் திருப்பினால் அறுகோணம் வட்டமாகிவிடும், அப்புறம் டிரில் போட்டுத்தான் எடுக்க வேண்டியிருக்கும். குண்டூசியால் சுரண்டி, ஒரு சொட்டு வினிகர் விட்டு, கீ அடி வரை இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுத் திருப்புங்கள்.

திருகு கழன்றும் லீவர் வரவில்லை என்றால் கார்ட்ரிட்ஜின் தண்டோடு லீவர் ஒட்டியிருக்கிறது. ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்து நெம்பாதீர்கள், குரோம் பூச்சு பெயர்ந்துவிடும். வினிகரில் நனைத்த துணியை லீவரின் அடியில் சுற்றி அரை மணி நேரம் விடுங்கள். பிறகு இடம் வலமாக ஆட்டிக்கொண்டே மேலே தூக்குங்கள், வந்துவிடும்.

அறிகுறி: மூடியோ லாக் நட்டோ திரும்பவில்லை

லீவருக்குக் கீழே கிண்ணம் கவிழ்த்த மாதிரி ஒரு குரோம் மூடி இருக்கும். அதைக் கையாலேயே திருப்பலாம். ரப்பர் கையுறை போட்டுக்கொண்டால் பிடி கிடைக்கும். அதற்குள் இருக்கும் பித்தளை வளையம்தான் லாக் நட். கார்ட்ரிட்ஜைக் கீழே அழுத்திப் பிடிப்பது அதுதான்.

லாக் நட் பித்தளை, உடம்பும் பித்தளை, நடுவில் சுண்ணாம்பு. சுண்ணாம்பைவிடப் பித்தளை சூட்டுக்கு அதிகம் விரியும். அதனால் இங்கே வெந்நீர் வேலை செய்யும். கொதிக்கவைத்த தண்ணீரில் துணியை முக்கி, இடுக்கியால் எடுத்து நட்டைச் சுற்றிப் போடுங்கள். ஆறியதும் மறுபடி சூடான துணி. மரையில் வினிகரும் விட்டால் இன்னும் நல்லது.

ஸ்பேனர் போட்டதும் நேராக இடப்பக்கம் திருப்பாதீர்கள். முதலில் மயிரிழை அளவு வலப்பக்கம், அதாவது இறுக்கும் பக்கம் கொடுங்கள். மரையில் இருக்கும் படிவு நொறுங்கும், சில சமயம் 'கிரக்' என்று சத்தமே கேட்கும். அதன் பிறகு இடப்பக்கம்.

இங்கே ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். நட்டு திரும்புகிற மாதிரி இருக்கும், ஆனால் குழாய் முழுவதுமே சிங்கின் மேல் சுழலும். அடியில் இருக்கும் கனெக்‌ஷன் பைப்புகள் முறுக்கிக்கொள்ளும், பிறகு ஒரு நாள் அங்கே கசியும். வீட்டில் இன்னொருவரை அழைத்து, குழாயின் உடம்பைத் துணி சுற்றி இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். கீழே குனிந்து பைப்புகள் நேராக இருக்கின்றனவா என்றும் நடுவில் ஒருமுறை பாருங்கள்.

அறிகுறி: நட்டு கழன்றுவிட்டது, கார்ட்ரிட்ஜ் அசையவே இல்லை

இதுதான் உண்மையான சிக்கல். பெரும்பாலானோர் குழாயைக் கெடுப்பதும் இங்கேதான். தண்டை பிளையரால் பிடித்து இழுப்பார்கள். தண்டு உள்ளே ஒரு சின்ன ஊசியில்தான் மாட்டியிருக்கிறது. இழுத்தால் அது மட்டும் வந்துவிடும், கூடு உள்ளேயே நிற்கும். சிலர் கார்ட்ரிட்ஜையே பிடித்துத் திருகுவார்கள். அதன் அடியில் இரண்டு சின்ன முளைகள் பித்தளைக் குழியின் துளைகளில் உட்கார்ந்திருக்கின்றன. திருகினால் அவை ஒடிந்து துளைக்குள்ளேயே தங்கும், புதுக் கார்ட்ரிட்ஜ் சமமாக உட்காராது. இது மேல்நோக்கி மட்டுமே வரக்கூடிய பொருள்.

முதலில் அது சுண்ணாம்புதானா என்று உறுதி செய்யுங்கள். இடைவெளியில் ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். வெள்ளையாக, மஞ்சளாக இருக்கும் படிவு நுரைத்தால் சுண்ணாம்பு. நுரையே வராமல் பச்சையாகவோ நீலமாகவோ தெரிந்தால் பித்தளையே அரித்திருக்கிறது. அந்தக் குழாயோடு போராடுவதில் அர்த்தமில்லை.

கரைக்க நான் விரும்புவது எலுமிச்சை உப்பு. மளிகைக் கடையில் சிட்ரிக் ஆசிட் என்று கேட்டாலும் கிடைக்கும். 100 மில்லி வெதுவெதுப்பான தண்ணீரில் 10 கிராம், அதாவது குவியலாக இரண்டு டீஸ்பூன். கொதிக்கக் கொதிக்க ஊற்ற வேண்டாம். சூடு அதிகமானால் கால்சியம் சிட்ரேட் என்ற வேறொரு வெள்ளைப் பொருள் படியும், அது எளிதில் கரையாது. எலுமிச்சை உப்பு இல்லாவிட்டால் வினிகர் போதும், நேரம்தான் கூடும்.

கழிவறை சுத்தம் செய்யும் ஆசிடை ஊற்றினால் சீக்கிரம் கரையுமே என்று கேட்பவர்கள் உண்டு. கரையும். கூடவே குரோம் பூச்சும் போகும், பித்தளையும் அரிக்கும். அதே சிங்கில் பிளீச்சிங் பவுடர் மிச்சம் இருந்தால் குளோரின் வாயு வரும். மூடிய சமையலறையில் அது உயிருக்கே ஆபத்து. சமையலறைக் குழாய்ப் பக்கமே அதைக் கொண்டுவராதீர்கள்.

துரு எண்ணெய் ஸ்பிரேயையும் இப்போது அடிக்க வேண்டாம். அது சுண்ணாம்பைக் கரைக்காது. மேலே எண்ணெய்ப் படலமாகப் படிந்து அமிலத்தையும் உள்ளே விடாது.

இப்போது மேலே போட்ட கணக்குக்கு வருவோம். இடைவெளியில் இருக்கும் சுண்ணாம்பு சுமார் இரண்டரை கிராம். அதை முழுதாகக் கரைக்க மூன்று கிராமுக்கு மேல் எலுமிச்சை உப்பு வேண்டும், அதாவது நம் கரைசலில் 30 மில்லிக்கும் மேல். ஆனால் அந்த இடைவெளி காலியாக இருந்தால்கூட ஒரு மில்லிதான் கொள்ளும். அடைத்துக்கொண்டிருக்கும்போது சில சொட்டுகள்தான் இறங்கும். அந்தச் சொட்டுகள் தம் பங்குச் சுண்ணாம்பைக் கரைத்துவிட்டுச் செத்துவிடும். ராத்திரி ஊற்றிவிட்டுக் காலையில் வந்து பார்த்தால் ஒன்றும் நடந்திருக்காது, இதனால்தான். நேரம் போதாமல் போகவில்லை, அமிலம் போதாமல் போயிருக்கிறது.

ஆகவே இரண்டு வேலை செய்ய வேண்டும். ஒன்று, குழாயின் மேல் விளிம்பைத் துடைத்து உலர்த்தி, இன்சுலேஷன் டேப்பை விளிம்புக்கு மேலே இரண்டு சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கிற மாதிரி பல சுற்று சுற்றுங்கள். ஒரு சின்னக் கிண்ணம் கிடைக்கும், அதில் 20 மில்லி வரை நிற்கும். இரண்டு, ஊசி இல்லாத சிரிஞ்சால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பழைய கரைசலை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக இடைவெளியை நோக்கிப் பீய்ச்சுங்கள். பீய்ச்சும் வேகத்திலேயே தளர்ந்த தூள் வெளியே வரும். நடுநடுவே பல் குத்தும் குச்சியாலோ மெல்லிய மூங்கில் குச்சியாலோ சுற்றிலும் கீறிவிடுங்கள். கம்பியும் கத்தியும் வேண்டாம்.

வேலை நடக்கிறதா என்பதை நுரை சொல்லும். ஊற்றியதும் நன்றாக நுரைத்து, சில நிமிடத்தில் அடங்கினால் அமிலம் தீர்ந்துவிட்டது, மாற்றுங்கள். புதிதாக ஊற்றியும் நுரையே இல்லை, குச்சியும் இறங்கவில்லை என்றால், மேலே இருந்தது கரைந்துவிட்டது, அடியில் வேறு ஏதோ பிடித்திருக்கிறது. மொத்தமாக இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் அமிலத்தை வைத்திருக்க வேண்டாம். பித்தளையின் மேல் இளஞ்சிவப்பு நிறம் படர்ந்தால் அதிலுள்ள துத்தநாகம் கரைய ஆரம்பித்துவிட்டது என்று பொருள். உடனே கழுவிவிடுங்கள்.

ஊறவைத்த பிறகும் வரவில்லை: சூடு வேண்டாம், குளிர் வேண்டும்

லாக் நட்டுக்கு வெந்நீர் சொன்னேன். கார்ட்ரிட்ஜுக்கு அதையே செய்தால் எதிர்மாறாக நடக்கும். இங்கே உள்ளே இருப்பது பிளாஸ்டிக், வெளியே பித்தளை. பிளாஸ்டிக் சூட்டில் பித்தளையைவிடப் பல மடங்கு விரியும். சூடு காட்டக் காட்ட கார்ட்ரிட்ஜ் இன்னும் இறுக்கமாகத்தான் ஆகும். ஹேர் டிரையரும் வேண்டாம், ஹீட் கன் கூடவே கூடாது.

அமிலத்தை உறிஞ்சி எடுத்துக் கழுவிவிட்டு, ஒரு பிளாஸ்டிக் பையில் ஐஸ் கட்டிகளைப் போட்டு கார்ட்ரிட்ஜின் தலைமேல் கால் மணி நேரம் வையுங்கள். பிளாஸ்டிக் சுருங்கும், பித்தளை அவ்வளவாகச் சுருங்காது. வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவுதான். ஆனால் ஒட்டியிருக்கும் மெல்லிய படிவு விரிசல் விட அது போதும். உடனே லீவரைத் தண்டில் மறுபடி மாட்டி, திருகை இறுக்கி, நேர் மேலே, சீரான இழுப்பாக இழுங்கள். வெடுக்கென்று இழுக்காதீர்கள், ஊசி ஒடியும். ஒரு கையால் இழுத்துக்கொண்டே மறு கையால் ஸ்க்ரூ டிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் பித்தளை உடம்பைச் சுற்றிலும் லேசாகத் தட்டிக்கொண்டே வாருங்கள்.

தண்ணீரை வைத்தே தள்ளுவது

கீழ்த் தளங்களில் இருப்பவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. எங்கள் பக்கம் வேலைக்கு வரும் தர்மபுரிக்கார பிளம்பர் அண்ணன் முதலில் செய்வதே இதைத்தான். "மேலருந்து இழுக்குறது எதுக்கு சார், கீழருந்து தண்ணி தள்ளட்டும்" என்பார்.

கழற்றிய லாக் நட்டை மறுபடி மரையில் மாட்டி, முழுதாக இறுக்காமல் மூன்று சுற்று மட்டும் ஏற்றி விடுங்கள். கார்ட்ரிட்ஜ் மேலே துள்ளிவிடாமல் தடுக்க இது அவசியம். லீவரை மாட்டி, பச்சைத் தண்ணீர் பக்கம் முழுதாகத் திருப்பி, தூக்கி வைத்துவிடுங்கள். வெந்நீர் ஆங்கிள் காக் மூடியே இருக்கட்டும். குழாயின் மேல் பழைய துண்டைப் போர்த்துங்கள். ஒருவர் ரப்பர் கையுறையோடு குழாயின் வாயை உள்ளங்கையால் அழுத்தி அடைக்க, இன்னொருவர் பச்சைத் தண்ணீர் ஆங்கிள் காக்கை மெதுவாகத் திறக்க வேண்டும்.

மேல்நிலைத் தொட்டிக்கும் உங்கள் குழாய்க்கும் பத்து மீட்டர் உயர வித்தியாசம் இருந்தால் ஒரு பார் அழுத்தம், அதாவது சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ. 40 மில்லிமீட்டர் கார்ட்ரிட்ஜின் அடிப்பரப்பு பன்னிரண்டரை சதுர சென்டிமீட்டர். இருபது மீட்டர் என்றால் 25 கிலோ எடையால் கீழிருந்து சீராகத் தள்ளுகிற மாதிரி. கையால் இழுத்து இவ்வளவு சீரான பலத்தைக் கொடுக்க முடியாது. தண்ணீர் அடிப்பரப்பு முழுவதும் பரவாத வகைக் கார்ட்ரிட்ஜில் பலன் குறையும். தொட்டிக்கு நேர்கீழே மேல்மாடியில் இருப்பவர்களுக்கு நாலைந்து கிலோகூடத் தேறாது, அவர்கள் ஐஸோடு நிறுத்திக்கொள்ளலாம். 'டப்' என்ற சத்தமும், துண்டு நனைவதும்தான் அடையாளம். உடனே காக்கை மூடிவிட்டு, வாயைத் திறந்து அழுத்தத்தை விட்டபிறகு நட்டைக் கழற்றுங்கள்.

ஒரு வீட்டில் நடந்தது

சர்ஜாபூர் ரோட்டில், போர்வெல் தண்ணீர் ஓடும் அடுக்ககம். இரண்டாவது மாடி அக்கா வீட்டுக் குழாயில் லீவருக்கு அடியில் எப்போதும் ஈரம், மூடியைச் சுற்றி வெள்ளை வளையம். நட்டு வெந்நீர்த் துணிக்கு இளகியது. கார்ட்ரிட்ஜ் இளகவில்லை. அதற்கு முன் யாரோ பிளையர் போட்டு இழுத்த பல் தடம் தண்டில் இருந்தது, அதனால் இழுக்கும் வேலையை முதலில் தொடவே இல்லை.

டேப் கட்டி எலுமிச்சை உப்புக் கரைசல் விட்டதும் சோடா பாட்டில் திறந்த மாதிரி நுரைத்தது. மாற்றி மாற்றி ஊற்ற, ஒரு மணி நேரத்தில் மூங்கில் குச்சி வலப்பக்கம் அரை விரல் இறங்கியது. இடப்பக்கம், வெந்நீர் வரும் பக்கம், கொஞ்சமும் இறங்கவில்லை. இது எதிர்பார்க்க வேண்டியதுதான். தண்ணீரைச் சூடாக்கும்போதே சுண்ணாம்பு பிரிந்து படியும், அதனால் வெந்நீர் வழியில் படிவு எப்போதும் தடிமனாக இருக்கும். அதன் பிறகு சிரிஞ்சை அந்தப் பக்கமே குறிவைத்துப் பீய்ச்சினோம். அங்கே குச்சி இறங்கியதும் கழுவி, ஐஸ் வைத்து, பிறகு தண்ணீரால் தள்ளினோம். அக்கா துண்டைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, அசையுது, அசையுது" என்றார். நட்டு வரை ஏறி வந்து நின்றது. கையால் எடுத்தபோது கார்ட்ரிட்ஜின் வெந்நீர்ப் பக்கத்தில் ஓட்டுச் சில்லு மாதிரி கெட்டியான வெள்ளைப் படிவு அப்படியே ஒட்டியிருந்தது. மறுபக்கம் ஏறக்குறைய சுத்தம்.

அந்த வீட்டிலிருந்து ஒரு பழக்கம் வந்தது: எந்தக் குழாயிலும் முதல் சொட்டை வெந்நீர்ப் பக்கத்தில் விடுகிறேன்.

அறிகுறி: தண்டும் வில்லைகளும் வந்துவிட்டன, கூடு மட்டும் உள்ளே

பிளாஸ்டிக் கூடு தனியாக உள்ளே நின்றால் குழாய் போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். சொல்லப்போனால் இப்போது வேலை எளிது. கூட்டுக்குள் காலி இடம் கிடைத்துவிட்டது, அது உள்நோக்கி மடங்க முடியும்.

பீங்கான் வில்லைத் துண்டுகளை முதலில் எடுத்துவிடுங்கள், விளிம்பு கூர்மையாக இருக்கும். ஹேக்ஸா பிளேடின் ஒரு துண்டை, பிடிக்கும் பக்கம் துணி சுற்றி, கூட்டின் உட்சுவரில் மேலிருந்து கீழாக அறுங்கள். பிளாஸ்டிக் தூள் வரும் வரை அறுக்கலாம். மஞ்சள் மினுமினுப்பு தெரிந்தால் உடனே நிறுத்துங்கள், அது பித்தளை. கடைசி மயிரிழைப் பிளாஸ்டிக்கை அறுக்காமல் விட்டுவிடுவதே நல்லது. இரண்டு விரல் தள்ளி இன்னொரு அறுப்பு. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பட்டையைத் தட்டை ஸ்க்ரூ டிரைவரால் உள்நோக்கி நெம்பினால் ஒடிந்து வரும். அந்த இடைவெளி கிடைத்ததும் மீதிக் கூடு தளர்ந்துவிடும்.

கூட்டின் அடித்தட்டு மட்டும் பிரிந்து நின்றால், அதன் பிளாஸ்டிக்கில் சின்ன மரத்திருகு ஒன்றைப் பாதி ஏற்றி, அதைப் பிளையரால் பிடித்து மேலே தூக்குங்கள். தண்ணீர் வரும் துளைகளில் திருகை ஏற்றாதீர்கள், அடியிலிருக்கும் பித்தளையில் கீறல் விழும்.

புதியது போடும் முன்

குழியின் அடித்தளம் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்க வேண்டும். புதுக் கார்ட்ரிட்ஜின் ரப்பர் அதன்மேல்தான் உட்காரும். உப்புத்தாள், ஸ்டீல் ஸ்கிரப்பர் இரண்டும் வேண்டாம். எலுமிச்சை உப்புக் கரைசலில் நனைத்த துணியைக் குச்சியில் சுற்றித் துடையுங்கள். முளைகள் உட்காரும் இரண்டு சின்னத் துளைகளைக் கண்டிப்பாகச் சுத்தம் செய்யுங்கள், அவற்றில் சுண்ணாம்பு இருந்தால் கார்ட்ரிட்ஜ் சாய்ந்து நிற்கும். பிறகு துணியைப் போர்த்திக்கொண்டு ஆங்கிள் காக்கை ஒரு நொடி திறந்து மூடுங்கள், தூள் எல்லாம் வெளியே வந்துவிடும். வெந்நீர்ப் பக்கம் திறக்கும்போது கீசர் அணைந்து, தண்ணீர் ஆறியிருக்க வேண்டும்.

விரலை உள்ளே விட்டு அடித்தளத்தைத் தடவிப் பாருங்கள். பள்ளம் தட்டுப்பட்டாலோ, சுவரில் விரிசல் தெரிந்தாலோ, மரை இளஞ்சிவப்பாகிப் பொடிந்தாலோ, அந்த உடம்பில் எந்தக் கார்ட்ரிட்ஜ் போட்டாலும் கசியும். புதுக் குழாய் வாங்கிவிடுங்கள்.

கடைக்குப் பழைய கார்ட்ரிட்ஜை எடுத்துக்கொண்டே போங்கள். விட்டம், உயரம், அடியில் முளைகளின் இடம், தண்டின் தடிமன் நான்கும் ஒத்துப்போக வேண்டும். பக்கத்து ஹார்ட்வேர் கடையில் இல்லாவிட்டால் எஸ்.பி. ரோடு பக்கம் தேடலாம்.

போடும்போது ஓ-ரிங்கிலும் கார்ட்ரிட்ஜின் வெளிச்சுவரிலும் நட்டின் மரையிலும் சிலிக்கான் கிரீஸை மெல்லியதாகத் தடவுங்கள். கசிந்தாலும் தண்ணீர் அந்த இடைவெளியில் எளிதில் நிற்காது, அடுத்த முறை கழற்றுவதும் சுலபம். வாஸ்லினும் தேங்காய் எண்ணெயும் வேண்டாம், இந்த வகை ரப்பர் எண்ணெயில் உப்பித் தளர்ந்துவிடும். லாக் நட்டைக் கையால் முடிந்தவரை இறுக்கிவிட்டு, ஸ்பேனரால் கால் சுற்றுக்கும் குறைவாகக் கொடுத்தால் போதும். அதிகம் இறுக்கினால் லீவர் கெட்டியாகும், வில்லையும் சீக்கிரம் தேயும்.

அறிகுறி: புதியது போட்டும் லீவருக்கு அடியில் ஈரம்

மூடியை மாட்டாமல், லீவரை மட்டும் மாட்டி, பச்சைத் தண்ணீரைத் திறந்து பாருங்கள். லாக் நட்டைச் சுற்றி டிஷ்யூ பேப்பரைச் சுற்றி வைத்து ஒரு இரவு விடுங்கள். காலையில் டிஷ்யூ நனைந்திருந்தால் நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்குங்கள். அப்படியும் நனைந்தால் இறுக்கிக்கொண்டே போகாமல் கார்ட்ரிட்ஜை வெளியே எடுத்து, முளைத் துளைகளில் மிச்சம் ஏதாவது இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே ஒரு மணல் அளவு சுண்ணாம்பு இருக்கும். டிஷ்யூ உலர்ந்தே இருந்தால் மூடியை மாட்டி, சிவப்பு நீலப் பொத்தானை அதன் இடத்தில் அழுத்திவிட்டு, கீசரைப் போடலாம்.